சொன்னபோது வந்த சிரிப்பு எழுதும்போது எங்கே போகிறது?

பத்திரிகையில் துணுக்குப் பக்கத்துக்கு வரும் வாசகர் அனுபவங்களைத் திருத்துவது என் வேலை. நேரில் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிற சம்பவம், எழுதி வரும்போது வெறும் செய்தியாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். போன மாதம் ஒரு இளைஞர் தன் சித்தப்பா கதையை என் எதிரே உட்கார்ந்து சொன்னார். சிரித்துவிட்டு, எழுதித் தரச் சொன்னேன். வந்தது இது:

"என் சித்தப்பா ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஆள் மாறி, வேறொரு நோயாளியிடம் பத்தாயிரம் கடனைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டார். அவர் அன்று கண்ணாடி போடவில்லை. நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அப்போது அந்த நோயாளி 'எவ்வளவு பணம்னு சொல்லலையே?' என்று கேட்டதும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்."

சம்பவம் முழுசாக இருக்கிறது, சிரிப்பு மட்டும் இல்லை. "ஆள் மாறி" என்று முதல் வரியிலேயே சொல்லியாகிவிட்டது. அதைவிடப் பெரிய சேதம் அந்தப் பத்தாயிரம். கடைசியில் நோயாளி கேட்கப்போவதே தொகையைத்தான். அதை முன்பே சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. நேரில் சொன்னபோது அவர் தொகையைச் சொல்லவே இல்லை. எழுதும்போது விவரம் முழுமையாக இருக்கட்டும் என்று சேர்த்திருக்கிறார். முடிவு எந்த இடத்தில் வந்து விழப்போகிறதோ, அந்த இடத்தை முன்கதையில் காலியாக விட்டு வைக்க வேண்டும்.

அப்புறம் கண்ணாடி. நேரில் நான் "எப்படி அடையாளம் தெரியாமல் போச்சு?" என்று கேட்டேன், அவர் பதில் சொன்னார். வாசகர் அப்படி இடைமறித்துக் கேட்க முடியாது. அந்தச் சந்தேகம் எழும் முன்பே பதில் கதைக்குள் இருக்க வேண்டும். ஆனால் வேறொரு காரணத்துக்காக வந்தது போலவும் தெரிய வேண்டும். "அவர் கண்ணாடி போடவில்லை" என்று தனியாக நின்றால், ஏதோ குழப்பம் வரப்போகிறது என்று வாசகர் மோப்பம் பிடித்துவிடுவார். பதற்றத்தில் மறந்தார் என்று எழுதினால் அது சித்தப்பாவின் பாசத்தைச் சொல்கிற வரியாகிவிடும், சந்தேகமும் தீர்ந்துவிடும்.

நான் முக்கியமாக நினைப்பது மூன்றாவது விஷயம். மறுபடி சொல்லச் சொல்லி உன்னிப்பாகக் கவனித்தேன். சித்தப்பா கடனைப் பற்றிப் பேசும் இடத்தில் இளைஞர் மேசைக்கு மேலே என் கையைப் பிடித்தார். நோயாளி கேட்கும் இடத்தில் அந்தக் கையை விடவே இல்லை. சிரிப்பு பாதி அங்கேதான் இருந்தது. எழுதியதில் கையே இல்லை! சொல்லும்போது கையும் முகமும் குரலும் செய்த வேலையை யாராவது கதைக்குள் செய்தாக வேண்டும். அதனால் அந்தக் கையை நோயாளிக்குக் கொடுத்தோம். நேரில் முடிவுக்கு முன் விடுகிற இடைவெளிக்கும், நோயாளி கையை விடவில்லை என்கிற வரியே போதும். மூன்று புள்ளி, ஆச்சரியக்குறி எதுவும் வேண்டாம்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. பேச்சை எழுதினால் பின்னாலேயே "என்று கேட்டார்" வந்து ஒட்டிக்கொள்ளும். சிரிப்பு வரும் சொல் கடைசிச் சொல்லாக இருக்காது. பேசுகிறவர் யார் என்பதை முந்தைய வாக்கியத்தில் ஒரு செயலால் காட்டிவிட்டால் அந்த வாலை வெட்டிவிடலாம்.

இப்படி மாறியது:

"நண்பருக்கு விபத்து என்று கேட்டதும் சித்தப்பா கண்ணாடியைக்கூட எடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கட்டிலில் முகமெல்லாம் கட்டு. கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பழைய கதைகளைப் பேசினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, 'உன்கிட்ட வாங்கின பணத்தை நான் மறக்கலை. ஒண்ணாம் தேதி கொடுத்துடறேன்' என்றார்.

உள்ளே வந்த நர்ஸ், அவர் தேடி வந்தவர் பக்கத்து அறையில் இருப்பதாகச் சொன்னார். சித்தப்பா பதறி மன்னிப்புக் கேட்டு எழுந்தார். கட்டிலில் இருந்தவர் கையை விடவில்லை.

'எவ்வளவுன்னு சொல்லலையே?'"

இதற்குப் பிறகு "சித்தப்பா ஓடியே வந்துவிட்டார்" என்று ஒரு வரி வைக்க இளைஞருக்கு ஆசை. சரி, வைத்துப் பார்ப்போம் என்று, கதையை முன்பு கேட்டிராத ஒரு சக ஊழியரிடம் கொடுத்தேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், அதனால் நான் கேட்பதில்லை. முகத்தை மட்டும் பார்ப்பேன். கையை விடாத வரியில் அவர் கண் ஒரு கணம் நின்றது, அடுத்த வரியில் சிரித்தார். அந்தக் கூடுதல் வரியைப் படித்து முடித்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது. அதை இளைஞரும் பார்த்தார். பேனாவை வாங்கி அந்த வரியை அவரே அடித்தார்.