"பட்டம்" அகராதியில் இல்லை என்று சொன்ன பிள்ளைக்கு

ஆகஸ்டு வந்துவிட்டால் தில்லியின் மொட்டைமாடிகளில் பட்டம் பறக்காத மாலை இராது. அதனால் நான்காம் வகுப்பில் அந்த மாதம் "பட்டம்" என்ற சொல்லைக் கொடுத்து அகராதியில் தேடச் சொல்வது என் வழக்கம். இந்த ஆண்டும் ஒரு பையன் ஐந்து நிமிடம் தேடிவிட்டு, "மேம், படகு இருக்கு, படம் இருக்கு, பட்டம் மட்டும் இல்லை" என்றான். சென்ற ஆண்டு இதையே மூன்று பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு தாயார், "அந்த அகராதி சரியில்லை, வேறு வாங்கிவிட்டோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அகராதியில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைக்கு நாம் சொல்லித்தராத ஒன்றுதான் குறை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அவனருகே உட்கார்ந்து அவன் விரல் போகும் வழியைப் பார்த்தேன். "பட" என்று தொடங்கும் இடத்தைச் சரியாகவே பிடித்தான். அங்கிருந்து படகு, படம், படி, படுக்கை, படை என்று முன்னோக்கியே போனான். "பண்" வந்ததும் நிறுத்திக்கொண்டான். பின்னோக்கி ஒரு பக்கம் புரட்டியிருந்தால் பட்டம், பட்டாணி, பட்டாம்பூச்சி, பட்டு ஆகிய நான்கும் வரிசையாகக் கிடைத்திருக்கும். தமிழ் அகராதியில் புள்ளி வைத்த "ட்", "ட"வுக்கு முன்னால் வரும். ஆகவே "பட்டம்" வந்த பிறகுதான் "படகு" வரும்; "அக்கா" வந்த பிறகுதான் "அகம்" வரும்.

தில்லிப் பிள்ளைகள் இந்த இடத்தில் தவறுவதற்குக் காரணம் உண்டு. அவர்கள் இந்தி அகராதி பார்க்கப் பழகியவர்கள். இந்தியில் "கௌன்" முடிந்த பிறகுதான் "க்யா" வரும். அதாவது உயிர் ஏறிய எழுத்துகள் எல்லாம் முடிந்த பின்னரே கூட்டெழுத்துக்கு இடம். அந்தப் பழக்கத்தில்தான் அவன் "படை"க்கு அப்பால் "பட்டம்" வரும் என்று காத்திருந்தான். இந்தி முறைப்படி அவன் தேடியது சரி. அவனை மந்தம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதை இன்னொரு முறை படியுங்கள்.

எனக்குப் பெரிய வருத்தம் பெரியவர்கள் மேல்தான். "என் பிள்ளை 247 எழுத்தையும் ஒப்பிப்பானே, அகராதி பார்க்க வராதா?" என்று கேட்கிறார்கள். வராது. அவன் எப்படி ஒப்பிக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். "க, ங, ச, ஞ, ட, ண" என்று சொல்வான். வகுப்புச் சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்தால் வரும் வரிசை இது. அகராதிக்கு அது உதவாது. மேலிருந்து கீழாகவே பழகிய பிள்ளை "சங்கு" முதலில் வரும், "காகம்" பிறகு வரும் என்பான். ஏனென்றால் அவன் மனத்தில் "க" முதல் "ன" வரை முழுவதும் முடிந்த பின்புதான் "கா" தொடங்குகிறது. அதே அட்டவணையை இடமிருந்து வலமாகப் படித்துப் பாருங்கள். மேல்வரிசையில் அ முதல் ஔ வரை உயிர்கள். அகராதியும் உயிரில்தான் தொடங்குகிறது. ஔவுக்குப் பின் ஆய்த எழுத்து. அடுத்த வரிசையில் க், க, கா, கி, கீ என்று கௌ வரை. ஒவ்வொரு வரிசையின் இடக்கோடியிலும் புள்ளி எழுத்து நிற்கிறதல்லவா? "ட்" ஏன் "ட"வுக்கு முன் வருகிறது என்பதற்கு விடை அங்கேயே தொங்குகிறது. சுவரில் இருப்பதைக் குறுக்காகப் படிக்கப் பழக்காமல், அகராதியைக் கையில் கொடுத்து "தேடு" என்று சொல்வது நியாயமே இல்லை.

இதைப் பழக்கச் சொல்லட்டைகளே போதும். ஒன்பது வயதுக்கு ஒரே நேரத்தில் பத்து அட்டைக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் வெவ்வேறு மெய்வரிசையில் தொடங்கும் சொற்கள். அடுத்த வாரம் ஒரே மெய், வெவ்வேறு உயிர்: கண், காகம், கிளி, கீரை, குதிரை, கூடு, கேணி, கை, கொக்கு, கோழி. இங்கே சிலர் "கொக்கு" அட்டையைக் "கேணி"க்கு முன் வைப்பார்கள். எழுதும்போது முதலில் வரும் கொம்பு அவர்களை ஏமாற்றுகிறது. வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

மூன்றாவது வாரம்தான் முக்கியம்: முதலெழுத்து ஒன்றேயான சொற்கள். நான் கொடுப்பவை பனி, படம், பல், பறவை, பட்டம், பள்ளி, பந்து, பழம், பால். முதலெழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு இரண்டாம் எழுத்தை மட்டும் ஒப்பிட வேண்டும். "பால்" மட்டும் முதலெழுத்திலேயே வேறுபடுகிறது. அதைக் கண்டுபிடித்துக் கடைசியில் ஒதுக்கும் பிள்ளைக்கு முறை பிடிபட்டுவிட்டது என்று பொருள். சரியான வரிசை: பட்டம், படம், பந்து, பல், பழம், பள்ளி, பறவை, பனி, பால். "பனி"யை எங்கே வைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தியில் "ந", "ன" இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் பழகிய பிள்ளை அதைப் "பந்து"க்குப் பக்கத்தில் வைப்பான். "ய ர ல வ ழ ள ற ன" என்ற வாலை மட்டும் தனியே பத்து முறை சொல்லவைத்தால் இது தீரும்.

சிதம்பர ரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்தை மட்டுமே வைத்துச் சொற்களை அடுக்கியது. அதற்கு முந்திய நிகண்டுகளில் சொற்கள் பொருள்வாரியாகச் செய்யுளில் இருந்தன. முதலெழுத்தைத் தாண்டி இரண்டாம் எழுத்துக்கு வரப் புலவர்களுக்கே காலம் பிடித்தது. எனவே இரண்டாம் எழுத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை தடுமாறுகிறான் என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

இனி வகுப்பே சேர்ந்து செய்யும் குட்டி அகராதி. தயவுசெய்து எழுத்துக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தொடங்குவதில்லை. அந்தப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கும். க, ச, த, ப, ம, வ பக்கங்கள் நிரம்பி வழியும். வெறும் பக்கத்தை நிரப்புவதற்காகப் பிள்ளைகள் இல்லாத சொற்களை உண்டாக்குவார்கள். உதிரி அட்டையே சிறந்தது: ஓர் அட்டைக்கு ஒரு சொல், ஒரு பொருள், ஒரு வாக்கியம், இடம் இருந்தால் ஒரு படம். ஆளுக்கு இரண்டு அட்டை வீதம் முப்பது பேர் எழுதினால் அறுபது சொற்கள். இடப்பக்கம் துளையிட்டு நாடாவில் கோத்தால் போதும். பசை போட்டு ஒட்டவே கூடாது.

தலைச்சொல்லை மட்டும் நீங்கள் பார்த்துத் திருத்துங்கள். பிள்ளைகள் "வந்தான்" என்றும் "மரங்கள்" என்றும் எழுதுவார்கள். வீட்டிலும் அப்படியே தேடிவிட்டு இல்லை என்பார்கள். "வந்தான்" என்பதை "வா"விலும் "மரங்கள்" என்பதை "மரம்" என்பதிலும் தேட வேண்டும் என்பதை, அவர்கள் எழுதிய அட்டையை வைத்தே சொல்லிக்கொடுங்கள். ஜ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துச் சொற்கள் வந்தால், வகுப்பில் இருக்கும் அகராதி அவற்றை எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்து அப்படியே வையுங்கள்.

கோத்து முடித்த மறுநாள் நான் ஒரு புதிய அட்டையைக் கொடுப்பேன். இம்முறை அது "பம்பரம்". பட்டத்தைத் தேடிச் சலித்த அதே பையனிடம் கொடுத்தேன். நாடாவை அவிழ்த்து, கட்டைவிரலால் "ப"வை மறைத்து, "ந்"துக்குப் பிறகு "ம்", "ல்"லுக்கு முன் "ம்" என்று முணுமுணுத்தபடி, "பந்து"க்கும் "பல்"லுக்கும் நடுவில் அதைச் செருகிவிட்டு நாடாவை மீண்டும் முடிச்சுப் போட்டான்.