890 என்று தொடங்கினால் இந்தியச் சரக்கா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போன வாரம் ஒரு பவர் பேங்க் பெட்டியின் படத்தைப் போட்டார். பார்கோடு 890 என்று தொடங்கியதை வட்டமிட்டு, "இந்தியத் தயாரிப்பு, நம்பி வாங்கலாம்" என்று எழுதியிருந்தார். கூடவே, 690 முதல் 695 வரை என்றால் சீனா என்று வருடக்கணக்கில் சுற்றிவரும் அந்தச் செய்தி.

சிவகாசியில் பெட்டி, லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது என் வேலை. பார்கோடு எங்களிடம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பமே வராது. பொருளை விற்கும் நிறுவனம் ஜிஎஸ்1 என்ற உலக அமைப்பின் ஏதாவதொரு நாட்டுக் கிளையில் கட்டணம் கட்டி எண் வாங்குகிறது. முதல் மூன்று இலக்கங்கள் அந்தக் கிளையைக் குறிப்பவை. 890 இந்தியக் கிளை, 690 முதல் 699 வரை சீனக் கிளை, 479 இலங்கைக் கிளை. எண் எங்கே வாங்கப்பட்டது என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. பெங்களூரு நிறுவனம் 890 எண்ணை வாங்கி, சீனாவில் உள்ள தொழிற்சாலைக்கு அனுப்பி, அங்கேயே பெட்டியில் அச்சடித்துக் கொண்டுவரலாம். அதில் எந்தத் தவறும் இல்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இது மறுபக்கமாகத் தெரியும். அங்கே தைத்த பனியன் ஜெர்மனிக் கடைக்குப் போகும்போது, அந்தக் கடைக்காரர் கொடுத்த 40இல் தொடங்கும் எண்ணோடு போகும். அதைப் பார்த்து அங்கே ஒருவர் ஜெர்மன் சட்டை என்று நினைத்தால் எப்படி இருக்கும்? 2இல் தொடங்கும் எண்கள் எந்த நாட்டுக்கும் உரியவை அல்ல. சூப்பர் மார்க்கெட்டில் காய்கறியை எடைபோட்டு ஒட்டும் சீட்டு போன்ற உள்வேலைக்கானவை.

சித்தப்பாவிடம் பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். முன்பக்கத்தில் மூவண்ணப் பட்டையும் 'டிசைன்ட் இன் இந்தியா' என்ற வரியும் இருந்தன. வடிவமைத்தது இங்கே என்பதற்கு மேல் அந்த வரிக்குப் பொருள் இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் 'மார்க்கெட்டட் பை' என்று பெங்களூரு முகவரி. அது விற்பவரின் முகவரி. செய்தவரைத் தேடும்போது 'மேனுஃபேக்சர்ட் பை', 'இம்போர்ட்டட் பை' என்ற சொற்களைத்தான் தேட வேண்டும். இறக்குமதிப் பொருளில் இந்த விவரம் பெரும்பாலும் பிறகு ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கரில், பெட்டியின் அடிப்பக்கத்தில் இருக்கும். சித்தப்பா திருப்பிப் பார்த்தார். இருந்தது: இறக்குமதியாளர் பெயர், மாதமும் வருடமும், எம்.ஆர்.பி., கடைசி வரியில் 'கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்: சைனா'. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகளின்படி இறக்குமதிச் சரக்கில் இந்த வரி கட்டாயம்.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தால்? பவர் பேங்க், சார்ஜர் போன்றவற்றுக்கு இன்னொரு வழி உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரைக்குக் கீழே `R-` என்று தொடங்கி எட்டு இலக்கப் பதிவு எண் ஒன்று இருக்கும். பெட்டியில் மட்டுமல்லாமல் பொருளின் மேலேயே தேடுங்கள். இந்தப் பதிவு நிறுவனத்துக்குப் பொதுவாகத் தரப்படுவதில்லை. இன்ன முகவரியில் உள்ள தொழிற்சாலை, இன்ன பிராண்டு பெயரில் செய்யும் இன்ன பொருள் என்று தனித்தனியாகத் தரப்படுகிறது. அதே நிறுவனம் வேறு ஊர்த் தொழிற்சாலையில் செய்தால் வேறு எண் வாங்கியாக வேண்டும். அந்த அமைப்பின் BIS Care செயலியில் எண்ணைத் தட்டினால் தொழிற்சாலையின் பெயரும் முகவரியும் வரும். சித்தப்பாவின் பவர் பேங்கில் இருந்த எண்ணுக்கு ஷென்சென் முகவரி வந்தது. ஸ்டிக்கரும் செயலியும் ஒத்துப்போயின. பொருளில் பொய் ஏதும் இல்லை; 890ஐ நாம்தான் தப்பாகப் படித்தோம்.

செயலியில் முகவரியோடு நிறுத்திவிடாமல், பிராண்டு பெயரும் பொருளும் கையில் இருப்பதோடு பொருந்துகின்றனவா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண் வேறொரு பிராண்டுக்கு உரியது என்று காட்டினால், யாருடைய எண்ணையோ எடுத்து அச்சடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே செயலியிலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் இந்த எண்ணும் ஓரளவுக்குத்தான் சொல்லும். கடைசியாகப் பூட்டிச் சேர்த்த தொழிற்சாலை எது என்று தெரியும். உள்ளே இருக்கும் பேட்டரி செல் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. நொய்டா முகவரி வந்தாலும் செல் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கலாம்.

இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரோ இறக்குமதியாளர் முகவரியோ இல்லையென்றால், பில்லையும் பெட்டியின் ஆறு பக்கப் படங்களையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை. உங்கள் மாவட்டத்தில் உள்ள அதன் அலுவலகத்தில் எழுத்திலும் புகார் கொடுக்கலாம். பெட்டியை மட்டும் அதுவரை குப்பையில் போட்டுவிடாதீர்கள்.