ஹைட்ரோநெஃப்ரோசிஸ்: கிட்னியில் கோத்த தண்ணீர் எது?

“கிட்னியில தண்ணி கோத்திருக்குன்னு எழுதியிருக்காமே டாக்டர், இனிமே தண்ணி கம்மியா குடிக்கணுமா?”

சென்னையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் எனக்குக் கத்திரி வெயில் நாட்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர் மேல் குற்றமில்லை. நுரையீரலில் நீர் கோத்தால், இதயம் பலவீனமானவருக்குக் காலில் நீர் கோத்தால், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்கிறார்கள். அதே ‘நீர் கோத்தல்’ கிட்னிக்கும் வந்தால் அவர் வேறு எப்படி நினைப்பார்?

ரிப்போர்ட்டில் நாங்கள் எழுதும் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் கிரேக்க வேர்களால் ஆன சொல். ‘ஹூடோர்’ என்றால் நீர், ‘நெஃப்ரோஸ்’ என்றால் சிறுநீரகம், ‘ஓசிஸ்’ ஒரு நிலையையோ நோயையோ குறிக்கும் விகுதி. அப்படியே தமிழாக்கினால் ‘நீர்ச்சிறுநீரகம்’ என்று வரும். குழப்பம் அந்த முதல் உறுப்பில்தான் இருக்கிறது. இங்கே நீர் என்பது சிறுநீர். சிறுநீரகம் செய்த சிறுநீர், இறங்க வேண்டிய வழியில் இறங்காமல் உள்ளேயே நின்று, உட்குழிகளை விரித்துவிட்டது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த நீர் எதுவும் இல்லை.

திரையில் அது எப்படித் தெரியும் என்று சொன்னால் சொல்லும் தெளிவாகும். நல்ல சிறுநீரகத்தை நீளவாட்டில் பார்த்தால் வெளி ஓரம் சாம்பல் நிறம், நடுப்பகுதி வெள்ளை. அந்த வெள்ளை கொழுப்பினால் வருவது. சிறுநீரை ஏந்தும் சிறு கிண்ணங்களும், அவை வந்து சேரும் புனலும் அந்தக் கொழுப்புக்குள்தான் இருக்கின்றன. ஆனால் அவை காலியான பை போல ஒட்டிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிறுநீர் தேங்கினால் வெள்ளையைப் பிளந்துகொண்டு கருப்பு தெரியும், ஏனென்றால் ஒலி அலை தெளிந்த நீரிலிருந்து எதிரொலிக்காது. தேக்கம் லேசாக இருந்தால் புனலும் கிண்ணங்களும் சற்றே திறந்திருக்கும். கூடினால் கிண்ணங்கள் உருண்டு, கையுறையின் விரல்கள் போல ஒன்றோடொன்று இணைந்து நிற்கும். மிகக் கடுமையானால் சாம்பல் ஓரமே மெலிந்துபோகும்.

இந்த நடுப்படியைத்தான் ‘மாடரேட்’ என்கிறோம். ‘மிதமான’ என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மிதமான சூடு, மிதமான காரம் என்று பழகிய காதுக்கு அது ‘கொஞ்சம்தான்’ என்று கேட்கிறது. ‘நடுத்தர’ என்றால் இந்தத் தவறு நேராது. ‘மைல்ட்’ என்பதற்கு ‘லேசான’ போதும்.

கருப்பு தெரிந்தால் உடனே தேக்கம் என்று எழுதிவிடலாமா? பயிற்சிக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டு பக்கமும் லேசான ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்று எழுதினேன். என் மூத்த மருத்துவர் தாளைக்கூடப் பார்க்கவில்லை. “அந்த அம்மா எவ்வளவு நேரமா அடக்கிட்டு உக்காந்திருக்காங்க? போயிட்டு வரச் சொல்லு, திரும்பப் பாரு” என்றார். சிறுநீர் கழித்துவிட்டு வந்தவருக்கு மீண்டும் பார்த்தேன், கருப்பு போயிருந்தது. ஸ்கேன் சென்டர்களில் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிக்கவைத்து “யூரின் முட்டினதும் சொல்லுங்க” என்கிறோம். சிறுநீர்ப்பை நிரம்பி அழுத்தம் ஏறும்போது மேலே புனலும் சற்று விரிவது இயல்புதான்.

இனி உண்மையான தேக்கம் ஒன்று. நாற்பதை நெருங்கும் ஒருவர், அம்பத்தூர்ப் பக்கம் லேத்தில் வேலை. விடியற்காலையில் வலது விலாவின் கீழே தொடங்கிய வலி அடிவயிறு வரை இறங்கியிருக்கிறது, இரண்டு முறை வாந்தி. வலது சிறுநீரகத்தின் நடுவில் மூன்று மெல்லிய கருப்புக் கிளைகள் ஒரு புனலில் சேர்ந்தன. இரத்தக் குழாய்களும் அந்த இடத்தில் கருப்பாகத்தான் தெரியும் என்பதால், இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரை வைத்தேன். கிளைகளுக்குள் நிறம் ஓடவில்லை, ஆகவே அது இரத்தமில்லை. ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் தனித்தனி நீர்க்கட்டிகளும் இல்லை. புனலிலிருந்து சிறுநீர்க்குழாய் கருப்புக் கோடாகக் கீழே இறங்கியது, பிறகு குடல் வாயு மறைத்துவிட்டது. அந்த நடுப்பகுதி ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. அங்கே கல் இருந்தால் சி.டி.தான் காட்டும்.

சிறுநீர்ப்பைக்கு வந்தேன். நிரம்பிய பை இங்கே உதவி, அதன் வழியாகப் பின்சுவர் தெளிவாகத் தெரியும். குழாய் பையைத் தொடும் இடத்தில் 5 மி.மீ. அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் பின்னால் ஒரு கருப்புப் பட்டை. கல் ஒலியை மறிப்பதால் விழும் நிழல் அது. தேங்கிய சிறுநீரும் கருப்பு, நிழலும் கருப்பு. ஆனால் சிறுநீருக்குப் பின்னால் இருப்பது கூடுதல் வெளிச்சமாகத் தெரியும், நிழலுக்குப் பின்னால் ஒன்றுமே தெரியாது. நிழல் விழாத 2, 3 மி.மீ. வெள்ளைப் புள்ளிகளைக் கல் என்று எழுதத் தயங்குவேன், கொழுப்பும் இரத்தக் குழாய்ச் சுவரும் அப்படித் தோன்றும். இவருடைய புள்ளியில் கலரைப் போட்டதும் பல நிறங்கள் மினுங்கின. அதுவும் கல்லுக்கு ஒரு சாட்சி. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி மீண்டும் பார்த்தேன், வலப்பக்கக் கருப்பு அப்படியே இருந்தது.

கல்லை ரிப்போர்ட்டில் ‘கால்குலஸ்’ என்போம், லத்தீனில் கூழாங்கல். அதற்குத் தமிழில் ‘கல்’ என்பதே போதும். ‘கல்லடைப்பு’ என்பது சித்த மருத்துவத்திலும் வழங்கும் நல்ல சொல், ஆனால் கல்லும் அடைப்பும் சேர்ந்து இருந்தால்தான் பொருந்தும். சிறுநீரகத்தின் கீழ்க் கிண்ணத்தில் எதையும் மறிக்காமல் கிடக்கும் கல்லுக்கு அந்தப் பெயரை வைத்துப் பயமுறுத்தக் கூடாது.

ஹைட்ரோநெஃப்ரோசிஸுக்கே ‘அடைப்பு’ என்று சொல்வதும் சரியில்லை. கர்ப்பத்தில், குறிப்பாக வலப்பக்கம், கல்லில்லாமலே விரியும். பையிலிருந்து சிறுநீர் மேலே திரும்பி ஏறும் குழந்தைகளுக்கும் விரியும். மறுபுறம், வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் வந்தவருக்கோ, வெயிலில் உடம்பு வறண்டு சிறுநீரே குறைந்தவருக்கோ, கல் அடைத்திருந்தும் விரிவு தெரியாமல் போகலாம். ‘கிட்னி வீக்கம்’ என்பதும் உதவாது, கிருமித் தொற்றால் வரும் அழற்சியையும் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘சிறுநீர்த் தேக்கம்’ என்றால் பையில் தேங்கி வெளியேறாத நிலை என்று ஆகிவிடும். அதனால் நான் ‘சிறுநீரகத் தேக்கம்’ என்கிறேன். இடமும் நிலையும் அதில் இருக்கின்றன, காரணத்தைப் பற்றி அது பேசவில்லை. குழாயும் விரிந்திருந்தால் ‘குழாயோடு சேர்ந்த சிறுநீரகத் தேக்கம்’.

லேத் வேலைக்காரரும் தண்ணீரைக் குறைக்கவா என்றுதான் கேட்டார். “உங்க யூரின்தாங்க இறங்காம நிக்குது. கீழ ஒரு சின்னக் கல்லு வழியில இருக்கு. இந்த அளவுக் கல்லு பெரும்பாலும் தானா இறங்கிடும். தண்ணிய நிறுத்தாதீங்க, வலி இருக்கிற நேரத்துல பாட்டில் பாட்டிலா ஊத்திக்கவும் வேணாம். குளிர் காய்ச்சல் வந்தா மட்டும் ராத்திரின்னு பார்க்காம உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க” என்றேன். தேங்கிய சிறுநீரில் கிருமி சேர்ந்தால் அது சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். ரிப்போர்ட்டின் கடைசி வரிக்குக் கீழே தமிழிலும் எழுதிக் கொடுத்தேன்: வலப்பக்கம் குழாயோடு சேர்ந்த சிறுநீரகத் தேக்கம், லேசானது, குழாய் பையில் சேருமிடத்தில் 5 மி.மீ. கல்.