இருபது ஆள்நாள், எத்தனை நாள்?

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவுச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. 20 ஆள்நாள் ஆகும் என்கிறது மதிப்பீடு. இரண்டு கொத்தனார், அப்படியானால் பத்து வேலைநாள். திங்கட்கிழமை தொடங்கினால் அடுத்த வியாழன், 11ஆம் நாள், முடிந்துவிடும் என்று வீட்டுக்காரர் கணக்குப் போடுவார். அது நடக்காது.

முதலில் அந்த 20 எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். சதுர அடியையும் கை வேகத்தையும் வைத்து, ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இடைவிடாமல் பூசுவதாகப் போட்ட கணக்கு என்றால், அது 160 மணி நேரச் சுத்த வேலை. ஆனால் சாப்பாட்டு நேரம் போக 8 மணி நேரம் வேலையிடத்தில் இருப்பவர் பூசுவது 6 மணி நேரம்தான். காலையில் சாரம் சரிபார்த்துக் கலவை தயார் செய்ய முக்கால் மணி, இரண்டு டீக்கு அரை மணி, சரக்குக்குக் காத்திருக்கக் கால் மணி, மாலையில் கரண்டி, சட்டி கழுவ அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி போய்விட்டது.

முதல் கொத்தனார் வாரம் ஆறு நாளும் வருகிறார்: 36 மணி. இரண்டாமவருக்குக் காரைக்குடியில் இன்னொரு வேலை. செவ்வாய், வியாழன், சனி மட்டும் வருகிறார்: 18 மணி. வாரத்துக்கு 54. மூன்று வாரத்தில் 162 என்பதால், மூன்றாம் சனிக்கிழமை, அதாவது 20ஆம் நாள், வேலை முடியும்.

இரண்டாமவர் அதற்குப் பதில் தினமும் அரை நாள் வந்தால்? பாதி நேரம் என்பதால் அதே 18 மணி என்றுதான் தோன்றும். ஆனால் கலவை போடுவதும் கழுவுவதும் அரை நாளுக்காகப் பாதியாகக் குறையாது. 4 மணியில் அவை இரண்டும் ஒரு டீயும் ஒன்றரை மணியைத் தின்றுவிடும், மிச்சம் இரண்டரை. வாரத்துக்கு 15 மணிதான் கிடைக்கும். மூன்று வாரத்தில் இருவருக்கும் சேர்த்து 153 ஆகிறது, மீதி 7 மணி நான்காம் வாரத் திங்களுக்குப் போகிறது: 22ஆம் நாள். பகுதி நேரமாக வருபவரிடம் முழு நாளாகவே கேட்டு வாங்குவது நல்லது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "போன தடவை இதே அளவுச் சுவருக்கு ரெண்டு பேர் பத்து நாள் செஞ்சோம்" என்று அனுபவத்திலிருந்து வந்த 20 என்றால், டீயும் கழுவலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. மறுபடி 6 மணிக்கு மாற்றினால் ஒரே இழப்பை இரண்டு முறை கழித்ததாகும். அப்போது நேராக வாரத்துக்கு 9 ஆள்நாள் என்று எடுக்க வேண்டும்: இரண்டு வாரத்தில் 18, மூன்றாம் வாரத் திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. 16ஆம் நாளே முடிந்துவிடும்.

பொங்கல் போன்ற விடுமுறை குறுக்கே வந்தால், மொத்தத்தில் ஏதோ ஒரு சதவீதத்தைக் கூட்டாமல், யார் எந்தக் கிழமை வரமாட்டார் என்று பார்த்து அந்த மணிகளைக் கழியுங்கள். திங்கள் போனால் 6 மணி, செவ்வாய் போனால் 12.

காய்வதைத் தனியாக வையுங்கள். ஒரு பூச்சு இறுகி அடுத்ததற்குத் தயாராக 7 நாள் வேண்டுமென்றால், அதில் ஆள்நாள் எதுவும் இல்லை, நாட்காட்டியில் மட்டும் 7 நாள் போகும். ஞாயிற்றுக்கிழமையும் அதில் சேரும். ஆளைக் கூட்டி அதைக் குறைக்க முடியாது. அந்த வாரத்தில் இருவருக்கும் வேறு சுவர் தயாராக இல்லாவிட்டால், முடிவுத் தேதி அப்படியே ஒரு வாரம் தள்ளிப்போகும்.