செக்-அவுட்டில் கூப்பன் ஏன் காலை வாருகிறது?

"பொங்கல் சலுகை! PONGAL10 போட்டால் 10% தள்ளுபடி. ₹2,000-க்கு மேல் வாங்கினால் மட்டும். ஜனவரி 17 வரை. வேறு சலுகையோடு சேராது." வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட இந்த நான்கு வரி போதும். ஆனால் அதே வரிகளை அப்படியே செக்-அவுட்டில் நிரப்பினால், ஒவ்வொன்றிலும் ஒரு கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கும். 17-ஆம் தேதி எத்தனை மணி வரை? ₹2,000 என்பது எந்தத் தொகை? சேராது என்றால் முதலில் போட்ட கூப்பன் போகுமா, இரண்டாவது போகுமா? கடைக்காரர் முடிவு செய்யாததை மென்பொருளே தன் போக்கில் முடிவு செய்துவிடும். அது என்ன முடிவு என்பது வாடிக்கையாளர் திட்டும்போதுதான் தெரியவரும்.

ஆன்லைனில் துணி விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். தளம் வேர்ட்பிரஸ்ஸில், வூகாமர்ஸ் கொண்டு கட்டியது. சிறு கடைகளில் இந்த அமைப்பு பரவலாக இருப்பதால் உதாரணத்துக்குச் சரியாக வரும். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் கேள்விகள் இவையேதான்.

காலாவதித் தேதியிலிருந்து தொடங்கலாம். காணும் பொங்கல் முடிய சலுகை என்பதால் கடைக்காரர் "Coupon expiry date" கட்டத்தில் 2026-01-17 என்று போடுகிறார். வூகாமர்ஸில் கூப்பன் அந்தத் தேதி பிறக்கும் நள்ளிரவு 00:00 மணிக்கே செத்துவிடும். அதாவது 16-ஆம் தேதி இரவோடு சலுகை முடிந்தது. காணும் பொங்கலன்று நாள் முழுக்க வருகிறவர்களுக்குக் காலாவதியான கூப்பன் என்றுதான் பதில் வரும். 17 முழுவதும் செல்ல வேண்டுமென்றால் 2026-01-18 என்று போட வேண்டும்.

இதோடு நேர மண்டலமும் சேர்ந்துகொள்ளும். இந்த நள்ளிரவு எந்த ஊர் நள்ளிரவு என்பதை "Settings > General > Timezone" தீர்மானிக்கிறது. அங்கே UTC என்றே விட்டிருந்தால், கூப்பன் நம் நேரப்படி காலை 5:30 மணிக்கு முடியும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்பதால் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் தொடங்கும் சலுகை ஒன்றை விளம்பரம் செய்யும் அன்றுதான் வெளியே வரும். தளத்தைச் சொந்தமாக எழுதுபவர்கள் முடிவுத் தேதியை வெறும் தேதியாகச் சேமிக்காமல், இப்படி நேரத்தையும் மண்டலத்தையும் சேர்த்து வைத்துவிடுவது நல்லது:

```
expires_at = 2026-01-18T00:00:00+05:30
valid      = now < expires_at
```

இரவு 11:58-க்குக் கூப்பனைப் போட்டு, யுபிஐ-யில் பணம் போய்ச் சேர 12:03 ஆகிவிட்டால்? அடிக்கடி நடப்பதுதான். ஆர்டர் உருவாகும் நொடியில் கூப்பன் செல்லுமா என்று பார்த்து, தொகையைப் பூட்டிவிட வேண்டும். பணம் வந்துவிட்டதாகக் கேட்வே தகவல் அனுப்பும்போது மறுபடி கணக்குப் போடக்கூடாது. போட்டால் ஆர்டரில் ₹2,400, வந்த பணம் ₹2,160 என்று இடிக்கும்; ஆர்டர் 'தோல்வி'யில் நிற்க, வாடிக்கையாளரின் பணமோ போயிருக்கும். பூட்டிய தொகை எவ்வளவு நேரம் செல்லும் என்பதற்கு 15 நிமிடம், 30 நிமிடம் என்று ஒரு வரம்பு வைத்தால் போதும்.

இனி குறைந்தபட்சத் தொகை. என் கணிப்பில் அதிகச் சண்டை வருவது இதில்தான். ₹2,000 என்பதைக் கார்ட்டில் உள்ள எந்த எண்ணோடு ஒப்பிடுவது? பொருட்களின் விலை, ஜிஎஸ்டி சேர்த்த விலை, தள்ளுபடி போன பிறகு மிஞ்சும் தொகை, டெலிவரி கட்டணமும் சேர்ந்த மொத்தம் என நான்கு எண்கள் அங்கே இருக்கின்றன. வாடிக்கையாளர் மனதில் இருப்பது பொருளுக்கு அருகே தெரியும் விலையின் கூட்டல்தான். எனவே ஜிஎஸ்டி உள்ளடங்கிய, தள்ளுபடிக்கு முந்தைய, டெலிவரி சேராத தொகையை எடுப்பதே வம்பில்லாத வழி. வூகாமர்ஸின் "Minimum spend" ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. சரியாக ₹2,000 இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே விளம்பரத்திலும் "₹2,000 முதல்" என்று எழுதுங்கள்.

தள்ளுபடிக்குப் பிந்தைய தொகையை ஒப்பிட்டால் என்ன கெடும்? கார்ட்டில் ₹2,100-க்குப் பொருள். புதியவர்களுக்கான NEW200 என்ற ₹200 கூப்பனும் கையில் இருக்கிறது. அதற்குக் குறைந்தபட்சம் எதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தக் கடை அனுமதிக்கிறது என்று வையுங்கள். PONGAL10-ஐ முதலில் போட்டால் ₹2,100 இருப்பதால் செல்லும், பிறகு NEW200-உம் செல்லும். NEW200-ஐ முதலில் போட்டாலோ மிச்சம் ₹1,900, PONGAL10 செல்லாது. அதே கார்ட், அதே கூப்பன்கள், தட்டிய வரிசை மட்டும் வேறு. இதற்கு வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் என்ன விளக்கம் சொல்ல முடியும்?

இன்னொரு பொறி, ஏற்கெனவே விலை குறைத்த பொருட்களுக்குக் கூப்பன் கிடையாது என்ற விதி. "Exclude sale items" என்று டிக் செய்தாலும், வூகாமர்ஸ் குறைந்தபட்சத்தைக் கார்ட் முழுவதற்கும் சேர்த்தே பார்க்கும். ₹1,900-க்குச் சேல் பொருட்களும் ₹300-க்கு ஒரு சாதாரண துப்பட்டாவும் இருந்தால் மொத்தம் ₹2,200; PONGAL10 செல்லும். ஆனால் 10% கிடைப்பது துப்பட்டாவுக்கு மட்டும், ₹30. ₹220 குறையும் என்று நினைத்து வந்தவருக்கு இது ஏமாற்றாகத்தான் படும். தள்ளுபடி எந்தப் பொருளில் எவ்வளவு விழுந்தது என்பதை ஒவ்வொரு பொருளின் கீழும் காட்டினால் பாதிப் புகார் அங்கேயே நின்றுவிடும். அதேபோல, 'கூப்பன் செல்லாது' என்று மொட்டையாகச் சொல்வதைவிட 'இன்னும் ₹150-க்கு வாங்கினால் செல்லும்' என்பது கடைக்கும் லாபம்.

கூப்பனைப் போட்ட பிறகு ஒரு பொருளை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். வூகாமர்ஸ் திரும்பக் கணக்கிட்டுக் கூப்பனை நீக்கிவிடும். சொந்தமாக எழுதிய செக்-அவுட்டுகளில் கூப்பன் போடும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் சோதித்துவிட்டு, பிறகு எட்டிப் பார்க்காமல் விட்டிருப்பார்கள். ₹2,400-க்குப் போட்டு ₹600-க்கு இறக்கினாலும் ₹240 தள்ளுபடி ஒட்டிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிப்பவர் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, டெலிகிராம் குழுவில் போட்டுவிடுவார். கார்ட் மாறும்போதெல்லாம் ஒரு முறை, ஆர்டர் உருவாகும்போது சர்வரில் இன்னொரு முறை சோதிப்பது கட்டாயம். பிரவுசர் அனுப்பும் தள்ளுபடித் தொகையை நம்பவே கூடாது. கூப்பன் கோடை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை சர்வர் போடட்டும்.

கூப்பன்களைச் சேர்ப்பதில் இரண்டு முடிவுகள் வேண்டும்: சேரலாமா, சேர்ந்தால் எந்த வரிசையில் கழிப்பது. ₹2,400 கார்ட்டில் PONGAL10-உம் NEW200-உம் சேர்கின்றன என்போம். முதலில் 10% கழித்தால் 2,160, அதில் 200 போனால் ₹1,960. முதலில் 200 கழித்தால் 2,200, அதில் 10% போனால் ₹1,980. ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் வித்தியாசம். வூகாமர்ஸ் சதவீதக் கூப்பனை முதலிலும் கார்ட் மொத்தத்தில் கழியும் நிலைத்தொகைக் கூப்பனைக் கடைசியிலும் எடுத்துக்கொள்கிறது. தட்டிய வரிசையைப் பார்ப்பதில்லை. இரண்டுமே சதவீதக் கூப்பன் என்றால் இரண்டும் அசல் விலையில்தான் கழியும். 10%-உம் 20%-உம் சேர்ந்து 30% ஆகிவிடும். 28% மட்டும் போக வேண்டுமென்றால் "Calculate coupon discounts sequentially" என்பதை டிக் செய்ய வேண்டும்.

சேரக்கூடாது என்பதற்கு "Individual use only" இருக்கிறது. அதன் நடத்தை பலருக்குத் தெரிவதில்லை. அப்படிப்பட்ட கூப்பன் ஏற்கெனவே கார்ட்டில் இருந்தால் அடுத்ததை மறுக்கும். அதையே இரண்டாவதாகப் போட்டாலோ, முன்பே இருந்த கூப்பனைத் தூக்கிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். NEW200 போட்டு ₹2,200-இல் நிற்கும் ஒருவர், தனித்து மட்டுமே செல்லும் 5% கூப்பனைத் தட்டினால் தொகை ₹2,280 ஆக ஏறும். கூப்பன் போட்டு விலை ஏறியதைப் பார்த்தவர் அடுத்து செய்வது ஸ்கிரீன்ஷாட் எடுப்பதுதான். தளத்தைத் திருத்த முடிந்தால், நீக்குவதற்கு முன் இரண்டையும் கணக்கிட்டு வாடிக்கையாளருக்கு லாபமானதை வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். கடைக்கு அந்த 80 ரூபாயைவிட ஆர்டர் பெரிது.

கடைசியாக, பொருள் திரும்பி வரும்போது. ₹1,500 குர்தா, ₹900 சட்டை, இரண்டு கூப்பனும் போய் ₹1,960 கட்டியாகிவிட்டது. தள்ளுபடியை விலை விகிதத்தில் பிரித்தால் குர்தாவுக்கு 150 + 125, சட்டைக்கு 90 + 75. சட்டையைத் திருப்பினால் ₹735 கொடுக்க வேண்டும். ஆனால் மிச்சமிருக்கும் ₹1,500 குர்தாவுக்கு PONGAL10-இன் தகுதியே இல்லை. அதைப் பறித்துக்கொண்டால், குர்தாவுக்கு NEW200 மட்டும் போக ₹1,300. திருப்பித் தருவது ₹660 மட்டும். இரண்டுமே நியாயம்தான். எது உங்கள் விதி என்று கூப்பன் நிபந்தனைகளில் விற்பதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அளவு சரியில்லாமல் திருப்புவது அதிகமுள்ள துணிக் கடைக்கு நான் விகிதக் கணக்கையே சொல்வேன். ₹75-க்காகப் பறிக்கப் போய் வாடிக்கையாளரை இழக்க வேண்டாம். தைரியமாக ஏமாற்றுபவர்கள் இருக்கும் சந்தையில், விலையுயர்ந்த பொருள் விற்பவருக்கு இரண்டாவது விதி தேவைப்படலாம்.

எப்படியானாலும் பொருள்வாரியாகப் பிரித்த தொகை ஆர்டரில் பதிவாகியிருக்க வேண்டும். விற்கும்போதே தரும் தள்ளுபடி பில்லில் காட்டப்பட்டால்தான் சிஜிஎஸ்டி சட்டம் 15(3) பிரிவின்படி வரி மதிப்பிலிருந்து கழியும். தவிர, 22 செப்டம்பர் 2025 முதல் ஆயத்த ஆடைக்கு ஒன்றின் விற்பனை மதிப்பு ₹2,500 வரை 5%, அதைத் தாண்டினால் 18% என்று இருப்பதால், கூப்பன் எந்த உருப்படியில் எவ்வளவு விழுகிறது என்பது வரி விகிதத்தையே மாற்றக்கூடும். எல்லைக்கு அருகே விலை வைத்திருப்பவர்கள் ஆடிட்டரிடம் ஒரு மாதிரி பில்லைக் காட்டிவிடுங்கள். ₹100-ஐ மூன்று சம விலைப் பொருட்களுக்குப் பிரித்தால் 33.33 வீதம் 99.99 தான் வரும். அந்த ஒரு பைசாவைக் கடைசிப் பொருளில் சேர்க்கச் சொல்லி எழுதிவைக்காவிட்டால், மாதக் கடைசியில் பில்லும் கேட்வே கணக்கும் சில பைசா இடிக்கும். எங்கே என்று தேடி ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.