கதவு திறந்திருக்கிறது என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள்

இந்த ஜூலையோடு மூன்றாவது. நான் தலைமை ஆசிரியராக இருக்கும் பள்ளியில் நான்கு வருடத்தில் மூன்று புது டீச்சர்கள். மூவருமே பள்ளி திறந்து ஏழெட்டு வாரத்துக்குள் ஒரு பிள்ளையை அடித்துவிட்டு வேலையை விட்டுப் போனார்கள். முதல் இரண்டு முறையும் ஆள் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது பெண்ணைப் பற்றி அப்படி நினைக்க முடியவில்லை. பி.எட். முடித்து நேராக எங்களிடம் வந்தவர், டெமோ வகுப்பில் பின்னத்தை அவ்வளவு அழகாக நடத்தியவர். ஏழாம் வகுப்புக் கணக்கு கொடுத்தோம். ஆறாவது வாரம் ஒரு பையனின் விரல்களில் ஸ்டீல் ஸ்கேலால் அடித்துவிட்டார். மறுநாள் காலை அவன் அப்பா வீங்கிய விரலோடு பையனைக் கூட்டிக்கொண்டு என் அறையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த அப்பா சொன்னதையும் எழுதியாக வேண்டும். “அடிச்சதைக் குத்தம் சொல்லல மேடம். கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்கன்னு நாங்களே சொல்றவங்கதான். ஆனா விரலு வீங்கிருச்சே?” பெற்றோர் அனுமதி கொடுத்துவிட்டால் அடிக்கலாம் என்று நம்புகிற டீச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருபது வருட அனுபவம் உள்ளவர்களும் இதில் சேர்த்தி. அப்படி ஓர் அனுமதியைக் கொடுக்கும் உரிமையே பெற்றோருக்குக் கிடையாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு, உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை. லேசாக அடித்தால் பரவாயில்லை, முட்டி போட வைப்பது அடியில் சேராது, மொத்த வகுப்புக்கு முன்னால் ‘மக்கு’ என்று சொல்வது வெறும் பேச்சுதான் என்றெல்லாம் ஸ்டாஃப் ரூமில் ஒரு தனிச் சட்டம் ஓடுகிறது. எழுதிவைத்த சட்டத்தில் அந்த விலக்கு எதுவும் இல்லை. உங்கள் சின்ன வயதில் வாத்தியார் அடித்தார், நீங்கள் உருப்பட்டீர்கள், சரி. கூடவே அடி வாங்கி எட்டாம் வகுப்போடு நின்றவன் இங்கே வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

அன்று மாலை அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: “ஆறு வாரமா கிளாஸ் கட்டுக்கு அடங்கலைன்னா ஏம்மா எங்கிட்ட வந்து சொல்லல?” ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “சொன்னா கிளாஸ் கன்ட்ரோல் இல்லைன்னு எழுதிடுவீங்கன்னு பயம் மேம். ஒரு வருஷம் ப்ரொபேஷன்ல இருக்கேன்” என்றார்.

வீட்டுக்குப் போய், புது டீச்சர்களுக்கு நான் பேசும் வரவேற்புரையின் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடப் பேச்சு. இருபத்து மூன்று அறிவுரை. பயோமெட்ரிக் எத்தனை மணிக்குள் வைக்க வேண்டும், செல்போனை எங்கே வைக்க வேண்டும், பாடக்குறிப்பில் எந்தக் கிழமை கையெழுத்து வாங்க வேண்டும், திருத்தாத நோட்டு இருந்தால் என்ன ஆகும், புடவைக்கு எத்தனை பின். வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் மூன்று இடத்தில். கடைசியில் ஒரே வரி: “எந்தப் பிரச்சினைன்னாலும் என் கதவு எப்பவும் திறந்திருக்கும்.”

இருபத்து மூன்று மிரட்டலைக் கேட்டவர் அந்த ஒரு வரியை எப்படி நம்புவார்? திறந்திருக்கிற அந்தக் கதவுக்கு வெளியே ஃபீஸ் பேச வந்த பெற்றோர் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே கரஸ்பாண்டன்ட் இருப்பார். (அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று பேசுகிற பள்ளிகளுக்கு இந்தக் கட்டுரையால் பயன் இல்லை. முதலில் சான்றிதழைத் திருப்பிக் கொடுங்கள்.)

பள்ளித் தலைமையில் இருக்கும் நம்மிடையே வேரோடிக் கிடப்பது ஒரு நினைப்பு: வகுப்பில் சத்தம் வந்தால் டீச்சருக்குத் திறமை இல்லை. வராண்டாவில் நடந்துபோகிற நாம் சத்தத்தை மட்டும்தான் கேட்கிறோம், காரணத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பெண் போன பிறகு ஆள் கிடைக்காமல் இரண்டு வாரம் அந்த வகுப்பை நானே எடுத்தேன். இருபது வருடம் கணக்கு நடத்தியவள். முதல் நாள் நாற்பது நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடம் போயே போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் அந்தப் பாடவேளைக்கு முன்னால் பி.டி. வகுப்பு. மைதானத்திலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு வியர்வையோடு நாலைந்து பேராக வந்துகொண்டே இருக்கிறார்கள். முதலில் வந்தவனுக்கு வேலை இல்லை, கடைசியில் வந்தவனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கு எழுத ஆரம்பித்ததும் பின் பெஞ்சில் கச்சேரி. அந்த டைம்டேபிளைப் போட்டது நான்.

மூன்றாம் நாளிலிருந்து, இடைவேளையிலேயே இரண்டு சின்னக் கணக்குகளைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு வாசலில் நின்றேன். உள்ளே வருகிறவன் நோட்டை எடுத்து அதைப் போட வேண்டும், அவ்வளவுதான். சத்தம் பாதியானது. அடுத்த வாரம் பி.டி.யைக் கடைசிப் பாடவேளைக்கு மாற்றியதும் அது சாதாரண வகுப்பாகிவிட்டது. ஜூன் மாதமே யாராவது அங்கே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும்.

அதற்குப் பிறகு வேதியியலுக்குச் சேர்ந்தவரை வரவேற்கும்போது கால் மணி நேரம்தான் பேசினேன். புடவை, பயோமெட்ரிக் எல்லாம் ஒரு தாளில் அடித்துக் கையில் கொடுத்தாயிற்று. நான் சொன்னது இவ்வளவுதான்: “முதல் மாசம் உங்க கிளாஸ்ல சத்தம் வரும். அதை நான் எங்கேயும் எழுதப்போறதில்ல. பிள்ளைங்க மேல கை வைக்கக் கூடாது, அதுல மட்டும் பேச்சே இல்ல. கோபம் தலைக்கேறினா பக்கத்து கிளாஸ் டீச்சரை நிக்கச் சொல்லிட்டு வெளிய வந்து தண்ணி குடிங்க, ஏன்னு யாரும் கேட்கமாட்டாங்க. முதல் டேர்ம்ல எந்தப் பேரன்ட்டையும் தனியா சந்திக்க வேண்டாம், நானோ உங்க சீனியரோ கூட இருப்போம்.”

இன்னொன்றையும் சொன்னேன். ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த தப்பான தொடுதலைப் பற்றிச் சொன்னால் கேளுங்கள், துருவாதீர்கள், அன்றைக்கே என்னிடம் வாருங்கள். போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் பள்ளியை நடத்தும் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. நான் ‘பேசித் தீர்த்துக்கலாம்’ என்று இழுத்தடித்தால் என்னைக் கேட்காமலே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள் என்றேன். கரஸ்பாண்டன்ட் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

பேச்சைவிட டைம்டேபிள்தான் முக்கியம். சீனியர் ஒருவர், புதியவர் இருவரில் ஒருவரை வாரம் மாற்றி வாரம் செவ்வாய்க்கிழமை ஐந்தாவது பாடவேளையில் காலியாக விட்டிருக்கிறேன். முதல் வாரம் புதியவர் சீனியர் வகுப்பில் உட்காருவார், அடுத்த வாரம் சீனியர் இவர் வகுப்பில். சீனியர் குறிப்பதெல்லாம் பாடம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எங்கே சத்தம் கிளம்பியது, யாரையெல்லாம் கேள்வி கேட்டார் என்பதை மட்டும். மதிப்பெண் கிடையாது, அந்தத் தாள் என் மேசைக்கும் வராது. யாராவது லீவு போட்டால் முதலில் பறிபோவது இப்படிப்பட்ட பாடவேளைதான் என்பதால், சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள். ஆள் பற்றாக்குறை எனக்கும் இருக்கிறது. அந்த ஒரு கட்டத்தைத் தொடாமல் நானே போய் வகுப்பில் நின்ற நாட்கள் உண்டு.

மூன்றாவது வாரம் அந்த வேதியியல் டீச்சர் என் அறைக்கு வந்து, “மேம், ஒன்பது சி என்னைக் கதற விடுறாங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வகுப்புக்கு என்றைக்கு, எந்தப் பாடவேளை என்று கேட்டுவிட்டு டைம்டேபிளை எடுத்தேன்.