எல்லைச் செலவுக் கோடு ஏன் சராசரியின் அடியிலேயே வெட்டுகிறது?

உயர்தரப் பொருளியல் வகுப்பில் செலவு வளைகோடுகளை வரையச் சொன்னால், இன்னொரு அலகை உற்பத்தி செய்ய ஆகும் மேலதிகச் செலவான எல்லைச் செலவின் கோடு சராசரிச் செலவின் பள்ளத்துக்கு இடப்பக்கமே வெட்டுவதாகப் பல பிள்ளைகள் வரைந்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "எல்லைச் செலவு ஏறத் தொடங்கிட்டுதே சேர், அப்ப சராசரியும் ஏறத்தானே வேணும்?" என்பார்கள். பிழை அங்கேதான் இருக்கிறது.

கொழுந்து நிறுவையை நினைத்துப் பாருங்கள். அம்மா நான்கு நாளில் 72 கிலோ பறித்திருக்கிறார்; சராசரி 18. ஐந்தாம் நாள் மழை, 13 கிலோதான். சராசரி 17க்கு இறங்குகிறது. ஆறாம் நாள் 15 கிலோ. முந்தைய நாளைவிடக் கூடுதல்தான், ஆனாலும் சராசரி 16.7 ஆக இன்னும் இறங்குகிறது. புதிதாக வரும் எண் நேற்றைய எண்ணைவிடக் கூடியதா என்று சராசரி பார்ப்பதில்லை. தன்னைவிடக் கூடியதா என்றே பார்க்கிறது. ஏழாம் நாள் 18 கிலோ வந்ததும் அது 16.9க்கு ஏறுகிறது.

இனிச் செலவு. ஹட்டன் பக்கம் விறகுப் போறணை வைத்த ஒரு சிறிய பேக்கரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சூட்டுக்கு 50 பாண். வாடகை முதலான நிலையான செலவு நாளுக்கு 6000 ரூபாய். முதல் சூட்டுக்குக் குளிர்ந்த போறணையைச் சூடாக்க வேண்டும். மேலதிகச் செலவு 4000. இரண்டாவதற்குப் போறணை சூடாகவே இருப்பதால் 3000. மூன்றாவதற்கு 3500, நான்காவதற்கு 4500. ஐந்தாவதில் இரவுச் சம்பளமும் கருகிப்போன பாணும் சேர்ந்து 6000.

ஒரு சூட்டுக்கான சராசரியைக் கணக்கிட்டால் 10,000, 6500, 5500, 5250, 5400 என்று வரும். எல்லைச் செலவு மூன்றாம் சூட்டிலேயே ஏறத் தொடங்கிவிட்டது. ஆனால் நான்காம் சூட்டின் 4500, அதற்கு முன்பிருந்த சராசரியான 5500ஐவிடக் குறைவு. அதனால் சராசரியைக் கீழே இழுத்தது. ஐந்தாவதன் 6000, 5250ஐத் தாண்டியதால் மேலே தள்ளியது.

சூடுகளாக எண்ணாமல் உற்பத்தியைத் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டால் இதுவே ஒரு வரியில் அடங்கிவிடும்:

சராசரியின் சாய்வு = (எல்லைச் செலவு − சராசரிச் செலவு) ÷ உற்பத்தி

அடிமட்டத்தில் சாய்வு பூச்சியம். உற்பத்தி பூச்சியமல்ல, ஆகவே அடைப்புக்குள் இருப்பதுதான் பூச்சியமாக வேண்டும். அதாவது இரண்டு செலவுகளும் அங்கே சமம். அட்டவணையில் இந்தச் சமத்தை அப்படியே தேடாதீர்கள். மேலே பார்த்த கணக்கில் எந்தச் சூட்டிலும் இரண்டும் சமமாக இல்லை. 4500க்கும் 6000க்கும் இடையில் எல்லைச் செலவு சராசரியைக் கடந்துபோகிறது.

வெட்டு நடப்பதற்கு எல்லைச் செலவு ஒரு கட்டத்தில் சராசரியைத் தாண்டும் அளவுக்கு ஏற வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. மலையருவியில் அமைத்த சிறு நீர்மின் நிலையத்தைப் பாருங்கள். கட்டுவதற்குத்தான் பெரும் பணம். அதன்பின், கொள்ளளவு எட்டும்வரை, இன்னொரு அலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் செலவாகாது. அந்த வரைபடத்தில் சராசரி இறங்கிக்கொண்டே போகும். எல்லைச் செலவுக் கோடு அதற்கு அடியிலேயே கிடக்கும்.